செட்டியார் பொம்மையும் கிருஷ்ணன் காலும்

ரொம்ப நாளா ட்ராஃப்ட்ல கிடந்த பதிவு இது. எழுதாம இருந்ததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, இதுல நான் அசடு வழிஞ்ச கதையும் இருக்கு. சரி, நம்ம ஆளுங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம்!

போடிநாயக்கனூர்ல எங்க அத்தை வீட்டுல வருஷா வருஷம் கொலு உண்டு. ஏழு படி. நடுப்படியில ரெண்டடி உயரத்துல ஒரு கிருஷ்ணன் நிப்பாரு, புல்லாங்குழலோட. காகிதக்கூழ் பொம்மை, தூக்கிப் பார்த்தா காத்து மாதிரி இருக்கும். முகமெல்லாம் பழுப்பேறி, உடம்பு முழுக்க மெல்லிசா வெடிப்பு விட்டு, பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோணும். கீழ்ப்படியில வழக்கம்போல செட்டியாரும் செட்டிச்சியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பாங்க. சுட்ட மண் பொம்மைங்க. செட்டியார் பளபளன்னு பச்சை வேட்டி, சிவப்புத் தலைப்பாகையோட நேத்துதான் கடையில வாங்கின மாதிரி இருப்பாரு.

அத்தையோட அம்மா, அதாவது எங்க அப்பாயி, 1931ல கல்யாணமாகி மதுரையில இருந்து போடிக்கு வந்தவங்க. மதுரை-போடி ரயில் 1928லதான் வந்துச்சு. சீர் சாமானோட ஒரு மரப்பெட்டி நிறைய வைக்கோல் போட்டு கொலுப் பொம்மையும் அந்த ரயில்ல வந்துச்சுன்னு வீட்டுல சொல்லுவாங்க. நம்பக்கூடிய கதைதான். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்துல இருக்கிற விளாச்சேரியில மண் பொம்மை செய்யறவங்க இன்னிக்கும் தெருத் தெருவா இருக்காங்க. மதுரைச் சீமைக்கு அங்கிருந்துதான் பொம்மை போகும்.

ஒரு நவராத்திரிக்கு, பழைய சாமான் வாங்கி விக்கிற ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. கிருஷ்ணனைப் பார்த்ததும் கண்ணை எடுக்கல. "அம்மா, இது தொண்ணூறு வருஷத்துப் பொருளா?"ன்னு கேட்டாரு. அத்தை என்னைப் பார்த்தாங்க. நாலு புத்தகம் படிச்சவன்ங்கிற திமிர்ல நான், "ஆமாங்க, வெடிப்பைப் பார்த்தாலே தெரியலையா?"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒரு நல்ல தொகை சொல்லிட்டு, பத்து நாள்ல வர்றேன்னு போனாரு. அத்தைக்கு அந்தப் பணம் தேவையா இருந்துச்சு, கண் ஆபரேஷன். அதே வாரம் செட்டிச்சியைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தாங்க, செட்டியாரும் அடுத்து போறதா இருந்துச்சு. "இது என்னப்பா, சாதா பொம்மைதானே"ன்னு அத்தை சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வெடிப்பைப் பார்த்து வயசு சொன்னது சரியா? நாளைக்கு அந்த ஆளு பொம்மையை இன்னொருத்தர்கிட்ட காட்டி, "இது புதுசு"ன்னு தெரிஞ்சா அத்தை பேரு என்னாகும்? மறுநாள் காலையில டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

முதல்ல அந்த வெடிப்பும் பழுப்பும். அத்தை கல்யாணமாகி பல வருஷம் போடிமெட்டுக்கு மேல ஏலக்காய்த் தோட்டத்து வீட்டுல இருந்தவங்க. கிருஷ்ணனும் கூடவே மலை ஏறினவரு. ஏலமலை பத்தித் தெரியாதவங்களுக்கு: அங்க வருஷத்துல பாதி நாள் மழையும் மூடுபனியும்தான். துணி காயாது, தீப்பெட்டி பத்தாது. பறிச்ச பச்சை ஏலக்காயை வெயில்ல காய வைக்க முடியாது. அதுக்கு ஸ்டோர்னு ஒரு கட்டடம் இருக்கும். வெளியில விறகு மூட்டி, அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியா அறைக்குள்ள ஓட விட்டு, 50 டிகிரி பக்கத்துல வச்சு ராத்திரி பகலா காய வைப்பாங்க. அத்தை வீட்டுப் பரண் அந்த ஸ்டோர் சுவரை ஒட்டினாப்ல இருந்துச்சாம். ஈரம் படாதுன்னு பொம்மைங்களை அங்கதான் வைப்பாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. காகிதக்கூழ் ஈரத்துல ஊதும், சூட்டுல சுருங்கும். மேல பூசின சுண்ணாம்பு வெள்ளையும் பெயிண்ட்டும் அந்த அளவுக்கு இழுபடாது. மழைக்காலத்துல ஊதி, ஸ்டோர் பத்த வச்சதும் சுருங்கி, மறுபடி ஊதி... பத்து வருஷம் இப்படி ஆட்டினா, சமவெளியில அம்பது வருஷத்துல வராத வெடிப்பு வந்துடும். பழுப்பும் அப்படித்தான். விறகுப் புகை.

புகைக் கறையா, வயசுக் கறையான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. கைபட்டுப் பட்டு, விளக்கேத்தி, துடைச்சு எடுத்து வச்ச பொம்மையில அழுக்கு பள்ளத்துலதான் சேரும். காது மடல், மாலை இடுக்கு, வேட்டி மடிப்பு. மேடான இடம், அதாவது மூக்கு நுனி, முழங்கை, இடுப்பு இதெல்லாம் தேஞ்சு கீழ்ப்பூச்சு தெரியும். புகை பிடிச்ச பொம்மையில மேடு பள்ளம் வித்தியாசமே இருக்காது, எல்லாம் ஒரே பழுப்பு. நம்ம கிருஷ்ணன் மூக்கு தேயவே இல்ல! முன்பக்கம் முழுக்கப் பழுப்பு, சுவரைப் பார்த்து நின்ன முதுகு மட்டும் வெளேர்னு இருக்கு. பஞ்சுல ஒரு சொட்டு எச்சில் தொட்டு (அருவருக்காதீங்க, சித்திரம் துடைக்கிறவங்க உலகம் முழுக்கச் செய்யறதுதான்) பீடத்து ஓரமா லேசா ஒத்தினேன். டீ டிகாஷன் கலர்ல பஞ்சுக்கு வந்துச்சு. கீழ பெயிண்ட் புதுசா இருந்துச்சு. புகை போட்டு, டீத்தண்ணி பூசி பொம்மையை 'பழசாக்குற' ஆளுங்களும் உண்டு. அவங்க செய்யறதை இங்க ஏலக்காய் ஸ்டோரே செஞ்சு வச்சிருந்துச்சு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாம :-)

அப்ப வயசை எங்க தேடறது? உள்ளே.

காகிதக்கூழ் பொம்மை எப்படிச் செய்வாங்கன்னு தெரிஞ்சா இது சுலபம். அச்சு ரெண்டு பாதி, முன்பாதி பின்பாதி. ஊறவச்சு இடிச்ச காகிதத்தைப் புளியங்கொட்டைப் பசையோ மைதாப் பசையோ சேர்த்து, சுண்ணாம்புத்தூள் போட்டுப் பிசைஞ்சு அச்சுக்குள்ள அப்புவாங்க. காஞ்சதும் ரெண்டு பாதியையும் எடுத்துப் பொருத்தி, மூட்டுக்குக் காகிதத் துண்டு ஒட்டுவாங்க. கூழ்ல எழுத்து எதுவும் மிஞ்சாது. ஆனா ஒட்டின துண்டுல மிஞ்சும். கிருஷ்ணனோட இடது காலுக்குக் கீழ பீடத்துல ஒரு உடைசல், கட்டைவிரல் நுழையற ஓட்டை. அது வழியா, காதுக்குள்ள பார்க்கிறதுக்கு விக்கிறாங்களே, போன்ல மாட்டுற குட்டிக் கேமரா, அதை விட்டுப் பார்த்தேன்.

மூட்டு நெடுக நியூஸ்பேப்பர் துண்டு. அச்செழுத்து நல்லாவே தெரிஞ்சுது. ஒரு விளம்பரத்துல பாதி. அதுல 'விலை'ங்கிற வார்த்தை, இப்ப நாம எழுதுற மாதிரியே, லகரத்துக்கு முன்னாடி தனியா ஐகாரக் கொம்பு போட்டு.

உங்களுக்குச் சட்டுனு பிடிபட்டிருக்கும். பழைய புத்தகத்துல லை, னை, ணை, ளை நாலும் எழுத்து மேலயே துதிக்கை மாதிரி சுழிச்சு இருக்கும். ணா, றா, னா மூணும் வேற வடிவம். 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர் அரசு உத்தரவு போட்ட பிறகுதான் பொதுவா எல்லாரும் இப்ப இருக்கிற வடிவத்துக்கு மாறினாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. பெரியார் தன்னோட பத்திரிகைகள்ல 1935லயே இந்தச் சீர்திருத்த எழுத்தைப் புழங்க ஆரம்பிச்சுட்டாரு. அதனால 'லை' ஒண்ணை மட்டும் பார்த்து 1978க்கு அப்புறம்னு அடிச்சுச் சொல்லக்கூடாது, 'விடுதலை' தாளா இருந்தா மாட்டிக்குவோம். இன்னொரு சாட்சி வேணும். கேமராவை இன்னும் கொஞ்சம் மேல ஏத்தினதுல அது கிடைச்சுது: 'மதுரை-625 001'. பின்கோடு நம்ம நாட்டுல வந்தது 1972 ஆகஸ்ட் 15. அப்ப 1931 கதை அங்கேயே முடிஞ்சுது. எழுபதுகள்ல சாதாரண விளம்பரம் போடுற பேப்பர்ல எழுத்து மாறியிருக்குன்னா, 1978க்குப் பிறகுன்னு தைரியமா சொல்லலாம்.

இங்க இன்னொரு பொறி இருக்கு. பழைய பொம்மை உடைஞ்சு, பின்னாடி யாராவது புதுப் பேப்பர் ஒட்டி ரிப்பேர் பண்ணியிருந்தா? அப்ப அந்தத் தாள் ரிப்பேரோட வயசைத்தான் சொல்லும். அதனால துண்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பார்க்கணும். நம்ம கிருஷ்ணன்ல பீடத்துல இருந்து கழுத்து வரைக்கும் ஒரே மாதிரித் தாள், ஒரே பசை நிறம். அடியில கைவிட்டு அத்தனை உயரத்துக்கு யாரும் ரிப்பேர் பண்ண முடியாது. மூட்டைப் பொருத்தினப்பவே ஒட்டினதுதான்.

தாள் சொல்றது 'இதுக்கு முன்னாடி இல்ல'ங்கிறது மட்டும்தான். பழைய பேப்பர் கட்டு அஞ்சு வருஷம் மூலையில கிடந்துட்டுக்கூடக் காகிதக்கூழுக்கு வந்திருக்கலாம். மேல் எல்லைக்கு அத்தையோட ஆல்பத்துல ஒரு கலர் போட்டோ உதவுச்சு. 1986னு பின்னாடி எழுதியிருக்கு, கொலு நடுவுல இதே கிருஷ்ணன், வெடிப்பே இல்லாம மொழுமொழுன்னு. ஆக 1978க்கும் 1986க்கும் நடுவுல.

சரி, செட்டியாருக்கு வருவோம். உண்மையில இந்தப் பதிவே அவருக்காகத்தான்.

அவரைக் கவுத்துப் பார்த்தேன். அடியில பெயிண்ட் இல்ல, சிவந்த சுட்ட மண். உள்கூட்டுல விரல் ரேகை வரிசையா பதிஞ்சு இருக்கு, அச்சுக்குள்ள களிமண்ணைக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கி அப்பினதோட தடம். (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊத்தி எடுத்த பொம்மைன்னா உள்ளே வழவழன்னு இருக்கும், சுரண்டினா வெள்ளையா உதிரும்.) முதுகு ஓரத்துல ஒரு பெயிண்ட் பொட்டு பேந்திருந்துச்சு. லென்ஸ் வச்சுப் பார்த்தா, வெங்காயம் மாதிரி அஞ்சு அடுக்கு.

மேல ரெண்டு அடுக்கு அக்ரிலிக். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைக் குச்சி நுனியால தொட்டதும் பிசுபிசுன்னு ஆச்சு. அதுக்குக் கீழ ரெண்டு அடுக்கு எனாமல், அது அவ்வளவு லேசுல இளகல. எல்லாத்துக்கும் அடியில பளபளப்பே இல்லாத ஒரு காவி நிறம், மெல்லிய சுண்ணாம்பு வெள்ளைப் பூச்சு மேல. ஈரப் பஞ்சு பட்டதும் கரைஞ்சு வந்துச்சு. பிசின்ல குழைச்ச வர்ணம்னு அர்த்தம். இந்தச் சோதனையெல்லாம் ஏற்கெனவே பேந்த இடத்துல, கடுகளவுதான். யாரும் நல்ல முகத்துல போய்ப் பண்ணிடாதீங்க. பழைய சிவப்புலயும் வெள்ளையிலயும் ஈயம் இருக்கலாம், அதனால பிள்ளைங்க பக்கத்துல வச்சு சுரண்டவும் வேண்டாம்.

அப்புறம் கள்ளநோட்டு பார்க்கிற லைட். 365 நானோமீட்டர்னு போட்ட டார்ச்சாப் பார்த்து வாங்கணும், மலிவு டார்ச்சுல வெறும் ஊதா வெளிச்சம்தான் கண்ணைக் கட்டும். இருட்டு அறையில அடிச்சா, வெள்ளை பெயிண்ட்டுங்க தங்களைத் தாங்களே காட்டிக் கொடுக்கும். டைட்டானியம் வெள்ளை அந்த ஒளியை விழுங்கிட்டு இருண்டு நிக்கும். துத்தநாக வெள்ளை மஞ்சள்-பச்சையா மினுங்கும். டைட்டானியம் வெள்ளை உலகத்துலயே வியாபாரத்துக்கு வந்தது 1920ஐ ஒட்டித்தான். நம்மூர்ப் பக்கம் அதைத் தயாரிக்க திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி திருவனந்தபுரத்துல ஆரம்பிச்சது 1946ல. கிருஷ்ணன் கண்ணு வெள்ளை முதல் பூச்சுலயே இருட்டு. செட்டியார்ல மேல் மூணு அடுக்கு இருட்டு, நாலாவது, அதாவது பழைய எனாமல், மஞ்சள்-பச்சை. துத்தநாக வெள்ளை இன்னிக்கும் கடையில கிடைக்கும், அதனால மினுங்கினா பழசுன்னு சொல்ல முடியாது. நான் நம்பறது அந்த வரிசையை: பிசின், துத்தநாகம், அப்புறம் டைட்டானியம். ஒருத்தர் ஏமாத்தணும்னு நினைச்சாக்கூட இந்த வரிசையில அஞ்சு தடவை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு.

ஆனாலும் வருஷம் கிடைக்கல. அங்கதான் அச்சு உதவிக்கு வந்துச்சு.

சின்னமனூர்ல எங்க சொந்தக்காரப் பாட்டி வீட்டுலயும் இதே செட்டியார் இருக்காரு. அதே தொப்பை, அதே ஒரு பக்கம் சாஞ்ச தலைப்பாகை. போன்ல படம் வாங்கிப் பார்த்துட்டு நேர்லயே போயிட்டேன். பீடத்துல இருந்து தலைப்பாகை உச்சி வரைக்கும் நம்மவர் 21.5 செ.மீ. அவர் 19.5. கண்ணுக்குக் கண், தோளுக்குத் தோள், முழங்காலுக்கு முழங்கால் தனித்தனியா அளந்தேன். எல்லாமே அதே விகிதம், பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவா சின்னது.

களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து, ரெண்டும் சேர்த்து எட்டுல இருந்து பத்து சதவீதம் சாதாரணம். ஒருத்தர் மூல அச்சு இல்லாம, கடையில விக்கிற சுட்ட பொம்மை மேலயே அச்சு எடுத்து, அதுல மண்ணை அப்பிச் சுட்டா, வர்ற பிள்ளை தாயை விட அந்த அளவு சின்னதா பிறக்கும். விவரமும் மழுங்கும். நம்ம செட்டியாருக்குக் காதுல கடுக்கன் தனியா தெரியுது, சின்னமனூர்க்காரருக்கு அது வெறும் மேடு. ஒரே அச்சைப் போட்டுப் போட்டுத் தேஞ்சாலும் மழுங்கும்தான், ஆனா அளவு மாறாது. வேணும்னே சின்ன சைஸ் செஞ்சிருந்தா, புதுசா செதுக்கின அச்சுங்கிறதால விவரம் கூர்மையா இருக்கும். சின்னதாவும் இருந்து, மழுங்கியும் இருந்தா, அது பொம்மை மேல எடுத்த அச்சு.

சின்னமனூர்க்காரருக்கு அடியில ஊதாப் பென்சில்ல எழுத்து: 'விஜய வரு. புரட்டாசி, அணா 12'. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை சுத்தும். விஜய வருஷம் 1893, 1953, 2013 மூணுலயும் வந்துச்சு. அணா 1957லயே போயிடுச்சு, அதனால 2013 இல்ல. "எங்க வீட்டுக்காரர் கையெழுத்துய்யா, எனக்குத் தெரியாதா"ன்னு பாட்டி சொன்னதால 1893ம் இல்ல. ஆக 1953 நவராத்திரிக்கு அந்தக் குட்டி வித்திருக்கு. அதுக்கு முன்னாடியே பெரிய அச்சுப் பொம்மை கடைக்கு வந்திருக்கணும். நம்மவர் அந்தப் பெரிய அச்சுல, கடுக்கன் தேயறதுக்கு முன்னாடி எடுத்தவரு. பெரிய அச்சு 1953க்கு அப்புறமும் புழக்கத்துல இருந்திருக்கலாம்ங்கிறது உண்மை. ஆனா அடியில பிசின் வர்ணமும், மேல துத்தநாக எனாமலும் சேர்ந்தா, அப்பாயியோட பெட்டியில வந்தவர் இவராத்தான் இருக்கணும்னு என் மனசு சொல்லுது. 1931னு நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். 'சாதா பொம்மை'ன்னும் இனிமே சொல்ல விட மாட்டேன்.

செட்டிச்சி திரும்பி வந்தாங்க. கடைக்காரர் தண்ணியில ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மண்ணு வரைக்கும் வழிச்செடுத்துட்டு புதுசா அக்ரிலிக் அடிச்சிருந்தாரு. நல்ல வேலைதான், அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அஞ்சு அடுக்கும் போச்சு. வளையலோட மெல்லிய கோடும் உப்புத்தாள்ல போச்சு. அடியில இருக்கிற விரல் ரேகை மட்டும்தான் மிச்சம்.

அந்த வியாபாரி சொன்னபடி பத்தாம் நாள் வந்தாரு. அத்தைகிட்ட முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். போன்ல எடுத்த படத்தை அவர்கிட்டயும் காட்டினேன். பின்கோடைப் பார்த்ததும் சிரிச்சுட்டாரு. பிறகு கிருஷ்ணனுக்கு முன்ன சொன்னதுல எட்டுல ஒரு பங்கு சொன்னாரு. செட்டியாரைக் கையில எடுத்துக்கூடப் பார்க்கல. அத்தை ரெண்டையும் கொடுக்கல. ஆபரேஷனுக்கு நாங்க நாலு பேரு பங்கு போட்டோம், அது தனிக்கதை.

அத்தைக்கு ஒரே ஒரு கேள்விதான். "அப்ப எங்கம்மா கிருஷ்ணன் எங்கடா போச்சு? நான் பார்த்திருக்கேனே, சின்னப்புள்ளையில!" யாருக்கும் தெரியல. கடைசியில கோயம்புத்தூர்ல இருக்கிற பெரியப்பாவுக்கு போன் போட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உனக்குத் தெரியாதா? பரண் ஒழுகி அது கரைஞ்சு போச்சு. அம்மா பார்த்தா தாங்க மாட்டான்னு அப்பா ரயிலேறி மதுரைக்குப் போயி, அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து வச்சாரு. அம்மாவுக்குச் சொல்லவே இல்ல"ன்னாரு.

மெல்லிசான சீட்டு ஒண்ணுல பென்சில்ல எழுதி ரெண்டு பொம்மைக்கும் பெட்டியில வச்சிருக்கேன். செட்டியார் சீட்டுல: 'பெரிய அச்சு, 1953க்கு முந்தினது. பெயிண்ட் அடிக்கக் கொடுக்க வேண்டாம்.' கிருஷ்ணன் சீட்டுல: '1978க்குப் பின், 1986க்கு முன். தாத்தா வாங்கியது.'